மூன்று காற்புள்ளிகளுக்கு என்ன மதிப்பு?

சிராங்கூன் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்லும் ஒரு தமிழர், தம் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் வெள்ளிக் கணக்கில் எண்ணிப் பழகியவராக இருந்தாலும், நாணய மாற்றுக் கடையின் முன் நின்று ஊருக்கு அனுப்பும் தொகையை விசாரிக்கத் தொடங்கியதும், அல்லது கோயம்புத்தூரில் ஒரு வீடு என்ன விலைக்குப் போகிறது என்று நண்பரிடம் பேசத் தொடங்கியதும், யாதொரு பிரயாசையும் இன்றி லட்சத்துக்கும் கோடிக்கும் மாறிவிடுகிறார். வெள்ளியென்றால் மில்லியன், ரூபாயென்றால் கோடி. இரண்டு தேசத்துப் பழக்கங்களும் ஒரே மனத்தில் சண்டையின்றிக் குடியிருக்கின்றன. 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' உள்ளூர்ச் செய்திகளில் மில்லியன் என்று எழுதுவதும், சென்னைப் பத்திரிகைகள் கோடி என்று எழுதுவதும் இந்த வாசகருக்கு ஒருபோதும் விகற்பமாகப் பட்டதில்லை.

பேச்சில் இவ்வளவு இயல்பாக நடைபெறும் இந்த மாற்றம், கணினித் திரையில் வரையப்படும் வரைபடத்துக்கு வரும்போதுதான் தடுமாறுகிறது. வரைபடத்தின் அச்சில் வரிசையாக நிற்கும் எண்களும், கோட்டின் மீது சுட்டியை வைத்ததும் எழும் சிறு பெட்டியில் தோன்றும் எண்ணும் மனிதர் எழுதியவை அல்ல. நிரல் ஒன்று தன்னிடமுள்ள விதியின்படி காற்புள்ளி இட்டுத் தருபவை. அந்த விதியை நிர்ணயிப்பது மொழி மாத்திரம் அன்று, மொழியோடு சேர்ந்த நாடு என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகையாகிய எண்ணை எடுத்துக்கொள்வோம்:

```js
const n = 72147030;
new Intl.NumberFormat("ta").format(n);    // 7,21,47,030
new Intl.NumberFormat("ta-SG").format(n); // 72,147,030
```

தமிழ் என்று மட்டும் சொன்னால் கணினி இந்தியாவை அனுமானித்துக்கொள்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் என்று நாட்டையும் சேர்த்துச் சொன்னால் மும்மூன்று ஸ்தானங்களாகப் பிரிக்கிறது. மலேசியாவுக்குரிய `ta-MY` என்ற குறியீடும் அவ்வாறே. உலாவிகள் பொதுவாகப் பயன்படுத்தும் தரவுத் தொகுப்பில் இந்த வேறுபாடு முறையாகப் பதியப்பட்டிருக்கிறது. ஆகவே சிங்கப்பூர் வாசகருக்காகத் தமிழில் ஒரு பக்கம் அமைத்து, அதில் `ta` என்று மட்டும் குறித்துவிட்டு, அந்தக் குறியையே வரைபடத்துக்கும் கொடுத்தால், கட்டுரையின் வாசகம் 'சிங்கப்பூரின் மக்கள்தொகை 2024-இல் 6.04 மில்லியன்' என்று சொல்லும். அருகிலேயே உள்ள வரைபடமோ அதே தொகையை 60,40,000 என்று காட்டும்.

இதனால் விளையும் தீங்கு வெறும் அழகுக் குறைவன்று. மும்மூன்றாகப் பிரித்துப் படித்தவர்களின் கண், பெரிய எண்ணைக் கண்டவுடன் இலக்கங்களை எண்ணுவதில்லை, காற்புள்ளிகளைத்தான் எண்ணுகிறது: ஒன்றென்றால் ஆயிரம், இரண்டென்றால் மில்லியன், மூன்றென்றால் பில்லியன். இந்தப் பழக்கமுள்ள சிங்கப்பூர் மாணவன் ஒருவன் 1,00,00,000 என்பதைப் பார்த்தால், மூன்று காற்புள்ளிகளைக் கண்டு பில்லியன் என்று கொள்ளக்கூடும். உண்மையில் அது ஒரு கோடி, அதாவது பத்து மில்லியன். நூறு மடங்கு பிழை ஒரே பார்வையில் நேர்ந்துவிடுகிறது. அவ்வாறே 1,00,000 என்பது அவனுக்கு மில்லியன் போலத் தோன்றும். எதிர்த் திசையிலும் இந்த அபாயம் உண்டு. 12,000,000 ரூபாய் என்று அச்சில் கண்ட தஞ்சாவூர்க்காரர் அதை ஒரு கோடியே இருபது லட்சமாக்கிக்கொள்ள விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

லட்ச முறையை வேண்டுமென்றே மேற்கொள்பவர்களுக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. டி3 என்னும் புகழ்பெற்ற வரைபட நூலகத்தில், வலப்புறத்திலிருந்து எத்தனை எத்தனை இலக்கங்களாகப் பிரிப்பது என்பதை ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு என்பது நம் வழக்கமாதலால் `[3, 2]` என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த நூலகம் பட்டியல் முடிந்ததும் கடைசி எண்ணை நீட்டிக்கொண்டு போவதில்லை. மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பி மூன்று இலக்கங்களை எடுக்கிறது. விளைவு, தமிழ்நாட்டின் ஜனத்தொகை 721,47,030 என்று வந்து நிற்கிறது. இதில் விசேஷம் என்னவென்றால், லட்சங்களோடு நிற்கும் வரை, 12,34,567 போன்ற எண்களில், எல்லாம் சரியாகவே தோன்றும். எட்டாவது இலக்கம் வந்த பிறகே குற்றம் வெளிப்படும். சிறிய தொகைகளைக் கொண்டு சோதித்துத் திருப்தியடைந்தவர் கோடி வந்ததும் ஏமாறுவார். அந்த நூலகத்தோடு வரும் இந்திய ஆங்கில அமைப்பில் மூன்றை அடுத்து இரண்டு என்ற எண் பலமுறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பது இதன் பொருட்டே.

இனி, அச்சில் இடம் குறைவாதலால் எண்களைச் சுருக்கிக் காட்ட விரும்புவோம். இங்கே தமிழுக்கு ஓர் அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். உலாவியிடம் இந்திய ஆங்கிலத்தில் சுருக்கச் சொன்னால் அது கோடியைக் குறிக்கும் `Cr` என்ற எழுத்துகளை இடுகிறது. இந்தியத் தமிழில் சுருக்கச் சொன்னாலோ, மில்லியனுக்கு அடையாளமாக 'மி' என்று இடுகிறது. எனவே `ta-IN` என்று முறையாகக் குறித்திருந்தும், அச்சில் 72மி என்றும், சுட்டியை வைத்தால் 7,21,47,030 என்றும் ஒரே வரைபடம் இரண்டு பாஷைகளில் பேசுகிறது. கோடியென்று சொல்லியே வளர்ந்த மொழிக்கு இந்தச் சுருக்கம் பொருந்தாது. இது திருத்தப்படும் வரை, ரூபாய்த் தொகைகளுக்கு அச்சின் எழுத்துகளை நாமே சிறிய சார்பு ஒன்றை எழுதி உண்டாக்கிக்கொள்ளுதலே தக்கது.

அந்தச் சார்பை எழுதும்போது கவனிக்க வேண்டியதை, மேலே சொன்ன கோயம்புத்தூர் வீட்டையே கொண்டு பார்க்கலாம். விலைகள் பூஜ்யத்திலிருந்து ஒரு கோடியே இருபது லட்சம் வரை. நூலகம் இருபது இருபது லட்சமாகக் கோடுகளை இடுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாக அலகு தேர்ந்தால் 60 லட்சம், 80 லட்சம், 1 கோடி, 1.2 கோடி என்று வரும். எண்கள் மேலே ஏறிக்கொண்டிருக்க எழுதிய இலக்கமோ எண்பதிலிருந்து ஒன்றுக்குச் சரிகிறது. அலகை அச்சு முழுமைக்கும் ஒருமுறை மட்டும் தீர்மானித்து, 'ரூபாய், லட்சத்தில்' என்று தலைப்பிட்டு, 20 முதல் 120 வரை எழுதுவதே தெளிவு. 120 லட்சம் என்பது விநோதமாகப் படலாம். ஆனால் இந்தியக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் ஆயிரக்கணக்கான லட்சங்கள் சர்வ சாதாரணம். சிறு பெட்டியில் மட்டும் முழுத் தொகை, 1,20,00,000 என்று, நிற்கட்டும்.

பெட்டியிலும் சுருக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் தொகையைக் காட்டப்போகும் தசம அளவுக்கு முழுமையாக்கிவிட்டுப் பிறகே அலகைத் தேர வேண்டும். முறை மாறினால் 99,99,999 ரூபாய் '1 கோடி' என்று வராமல் '100 லட்சம்' என்று வந்து நிற்கும். எந்த வரைபடத்தையும் வெளியிடுமுன் 99,999, 1,00,000, 99,99,999, 1,00,00,000 ஆகிய நான்கையும் கொடுத்துப் பார்த்தால் இந்த வகைக் குற்றங்கள் அநேகமாக வெளிப்பட்டுவிடும்.

சிங்கப்பூரில் தமிழ்ப் பக்கங்களை அமைப்போரிடம் என் வேண்டுகோள் இதுதான்: மொழிக் குறியில் நாட்டையும் சேர்த்து எழுதுங்கள், வெள்ளியும் ஜனத்தொகையும் மில்லியனில் நிற்கட்டும், ஊர்ப் பணமாகிய ரூபாய்க்கு அந்த வரைபடத்தில் மட்டும் `ta-IN` கொடுங்கள், இரண்டையும் ஒரே அச்சில் ஏற்றாதீர்கள்.