எந்த டெஸ்ட் போடணும்? ஒரு லெக்சரை if-else ஆக்கிப் பார்ப்போம்

ஸ்டாடிஸ்டிக்ஸ் லெக்சர்ல ஹைபாதிசிஸ் டெஸ்ட் எல்லாமே ஃபார்முலா வரிசையில வரும்: முதல்ல இசட், அப்புறம் டி, கை-ஸ்கொயர், எஃப். ஆனா நம்ம கையில இருக்கிறது ஃபார்முலா இல்ல, டேட்டா. அதனால லெக்சர் நோட்ஸ்ல ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் "இது எப்போ செல்லும்?"னு இருந்த வரியை மட்டும் உருவி எடுத்து, கேள்வியா மாத்தி, ஒரு மரமா அடுக்கினேன்.

முதல் கேள்வி: அளந்தது எண்ணா, வகையா? வாங்கினார், வாங்கலைன்னு வகையா இருந்தா கை-ஸ்கொயர் பக்கம் போயிடலாம். எண்ணா இருந்தா, எத்தனை குழு? மூணோ அதுக்கு மேலயோ இருந்தா அனோவா. ரெண்டுன்னா அடுத்த கேள்வி. என்னைக் கேட்டா மரத்துலயே முக்கியமான கிளை இதுதான்: ரெண்டு குழுவுலயும் இருக்கிறது அதே ஆட்களா, வேற வேற ஆட்களா?

ஏன் முக்கியம்னு ஒரு பழைய டேட்டா காட்டும். கின்னஸ் மதுபான ஆலையில வேலை பார்த்த காசெட், "ஸ்டூடன்ட்"ங்கிற பேர்ல 1908-ல எழுதின கட்டுரையில வர்றது. 10 நோயாளிகள், ரெண்டு தூக்க மருந்து, ஒவ்வொருத்தருக்கும் எத்தனை மணி நேரம் கூடுதலா தூக்கம் வந்ததுன்னு கணக்கு. ஆர் மொழியில `sleep`னு இது கூடவே வரும். சராசரி முதல் மருந்துக்கு 0.75, ரெண்டாவதுக்கு 2.33.

வேற வேற ஆட்கள்னு நினைச்சு சாதாரண டி-டெஸ்ட் போட்டா, பி-வேல்யூ 0.079. வழக்கமான 0.05 கோட்டைத் தாண்டல. அதே ஆட்கள்னு சொல்லிப் பாருங்க:

```
with(sleep, t.test(extra[group==1],
  extra[group==2], paired=TRUE))
```

இப்போ 0.0028! எண்கள் மாறவே இல்ல. முதல் மருந்துலயே ஒருத்தருக்கு 1.6 மணி குறையுது, இன்னொருத்தருக்கு 3.7 கூடுது. ஆளுக்கு ஆள் இருக்கிற இந்த வித்தியாசம்தான் மருந்தோட விளைவை மறைச்சது. ஒவ்வொருத்தருக்குள்ளயும் கழிச்சா அது போயிடுது: ஒன்பது பேருக்கு ரெண்டாவது மருந்துதான் மேல, ஒருத்தருக்கு சமம்.

பி-வேல்யூவைப் பார்த்துட்டு கிளை தாவினா அது ஏமாத்து வேலை. அதே ஆட்களாங்கிறது சோதனை எப்படி நடந்ததுங்கிற விஷயம், டேட்டா வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.

கடைசிக் கேள்வி: நார்மலா இருக்கா? ஜோடிக் கிளையில பார்க்க வேண்டியது ரெண்டு காலத்தையும் இல்ல, கழிச்சு வந்த வித்தியாசத்தை. இங்க அது பெரும்பாலும் 0-லிருந்து 2.4-க்குள்ள நிக்குது, ஒருத்தருக்கு மட்டும் 4.6. பத்தே பேர்ல ஒருத்தர் இப்படித் தனியா நின்னா சராசரியை அவரே இழுத்திருக்கலாம். அதனால வில்காக்சன் சைன்டு-ரேங்க் கிளைக்கும் ஒரு எட்டு போய்ப் பார்த்தேன். அது எண்ணோட அளவை விட்டுட்டு தரவரிசையை மட்டும்தான் எடுத்துக்கும். அங்கயும் பி-வேல்யூ 0.009 வருது. அதாவது, முடிவு அந்த ஒரு நோயாளியை மட்டும் நம்பி நிக்கல.