மேலாளர் விடுப்பில் இருக்கும்போது ஒப்புதல் யாருடையது?

கொள்முதல் கோரிக்கையின் மொத்த மதிப்பே அது யாருடைய ஒப்புதலுக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு தொழிற்சாலையில் பிரிவுத் தலைவரின் வரம்பு 50,000 ரூபாய், மேலாளரின் வரம்பு 5 லட்சம் என்று கொள்வோம். விடுப்பில் போகும் மேலாளர், தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்துத் தன் அதிகாரத்தைப் பிரிவுத் தலைவரிடம் ஒப்படைக்கிறார். அந்நாட்களில் 3 லட்ச ரூபாய் மோட்டாருக்கு அவர் மேலாளர் சார்பில் ஒப்புதல் தரலாம். பதிவில் இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

ஆனால் மோட்டாரைக் கேட்டவரே அவர் என்றால்? தான் கேட்டதைத் தானே அனுமதிப்பது பெரும் ஓட்டை. அத்தகைய கோரிக்கை மேலாளருக்கும் மேலுள்ளவரிடம் போகும்படி மென்பொருளில் விதி வேண்டும். முடிவு நாள் குறிக்காத ஒப்படைப்போ, மேலாளர் திரும்பிய பிறகும் செல்லுபடியாகும். கோரியவரும் ஒப்புதல் தந்தவரும் ஒருவராக உள்ள பதிவுகளையும், விடுப்புக்குப் பிந்தைய சார்பு ஒப்புதல்களையும் தேடினால் இரண்டு பிழைகளும் தெரிந்துவிடும்.