பூனையைக் கண்டதும் போனது ஏன்?

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நின்றால் ஒரு வேடிக்கையைக் காணலாம். முனிவர் கைகளைத் தூக்கித் தவம் செய்கிறார். அவரைப் போலவே ஒரு பூனையும் தவம் செய்கிறது! அதைச் சுற்றி எலிகள்!

இந்தச் சிற்பத்தைப் பற்றி ஒருவர் 10 நிமிட வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3-வது நிமிடத்தில் பூனை வருகிறது. அத்தோடு பாதிப் பேர் போய்விடுகிறார்கள். எந்த நிமிடத்தில் போனார்கள் என்பதை யூடியூப் கோடு போட்டுக் காட்டிவிடும். ஏன் போனார்கள் என்பதைக் காட்டாது.

அலுத்துவிட்டதா? குரல் கேட்கவில்லையா? தேடி வந்த பூனையைப் பார்த்துவிட்ட திருப்தியா? அலுப்பு என்றால் வீடியோவைச் சுருக்க வேண்டும். திருப்தி என்றால் அதில் குறையே இல்லை. ஆகவே, பார்த்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பதிலைச் சொல்லித் தரும் கேள்வி

"எங்கள் அருமையான விளக்கம் உங்களுக்குப் பிடித்ததா?" என்று கேட்டால், முகத்துக்காக "ஆமாம்" என்பார்கள். "படமும் குரலும் நன்றாக இருந்தனவா?" என்பதும் தவறு. படம் நன்று, குரல் மோசம் என்பவர் எதைச் சொல்வார்?

ஒரு சொல்லே பதிலை மாற்றிவிடும். 1941-ல் அமெரிக்காவில் டொனால்டு ரக் என்பவர் இதை எடுத்துக் காட்டினார். ஜனநாயகத்தை எதிர்க்கும் பேச்சுகளை "அனுமதிக்கலாமா?" என்று கேட்டபோது நூற்றுக்கு 75 பேர் "கூடாது" என்றனர். "தடை செய்ய வேண்டுமா?" என்று கேட்டபோது 54 பேர்தான் "ஆம்" என்றனர். விஷயம் ஒன்றே. சொல்தான் வேறு!

எப்படிக் கேட்பது?

"வீடியோவை எதுவரை பார்த்தீர்கள்? நிறுத்தியிருந்தால் காரணம் என்ன?" என்று புகழாமலும் பழிக்காமலும் கேட்கலாம். பதில்கள்: முழுவதும் பார்த்தேன், தேடியது கிடைத்தது, விளக்கம் நீண்டுவிட்டது, குரல் தெளிவாக இல்லை, வேறு காரணம். கடைசிப் பதில் அவசியம். அது இல்லாவிட்டால், பொருந்தாத ஒன்றை மக்கள் தொட்டுவிடுவார்கள்.

வெளியிடுமுன் வீட்டில் நாலு பேரிடம் படித்துக் காட்டி, "இதில் என்ன கேட்டிருக்கிறது?" என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னால் கேள்வியைத் திருத்த வேண்டும்.

போனவர் பதில் சொல்வாரா?

இன்னொரு சிக்கல் உண்டு. வீடியோவின் முடிவில் கேள்வியை வைத்தால், பாதியில் போனவர் கண்ணில் அது படவே படாது. கடைசிவரை இருந்தவர் மட்டும் "முழுவதும் பார்த்தேன்" என்பார். எனவே கேள்வியைத் தனிப் பதிவாகப் போட வேண்டும். அப்போதும் சேனலை விரும்புகிறவர்களே அதிகம் பதில் சொல்வார்கள்.

கோடு பாதிப் பேர் போனதாகக் காட்டும்போது, பதில் சொன்னவர்கள் எல்லோரும் "முழுவதும் பார்த்தேன்" என்றால் மகிழக் கூடாது. போனவர்களிடம் கேள்வி போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள்!