மூளை ஸ்கேனில் ஒரு வெள்ளை வளையம்

மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கைகளில் 'ரிங் என்ஹான்சிங் லீஷன்' என்ற தொடர் அடிக்கடி வரும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய பிறகு எடுத்த படத்தில், ஓரம் வெள்ளையாகவும் நடுப்பகுதி கருமையாகவும் மோதிரம் போலத் தெரியும் பாதிப்பையே அது குறிக்கிறது. அது எந்த நோயின் பெயரும் அல்ல. புழுவின் நீர்க்கட்டி முதல் புற்றுநோய் வரை பல நோய்கள் இதே உருவத்தில் தென்படும். சில, மாத்திரையில் ஆறிவிடும். சிலவற்றுக்கு அறுவை சிகிச்சை உடனே வேண்டும். அதனால் வளையத்தைக் கண்டதும் அது எந்த நோயால் வந்தது என்று பிரித்தறிவதே மருத்துவரின் அடுத்த வேலை.

வளையம் தோன்றும் விதம் எளிமையானது. உடலின் மற்ற இடங்களில் உள்ளதைப் போல அல்லாமல், மூளையின் நுண்ரத்தக்குழாய்களின் சுவர் இடைவெளியின்றி இறுக்கமாக அமைந்திருக்கிறது. கையில் நரம்பு வழியாக ஏற்றப்படும் காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து இந்தச் சுவரைத் தாண்டி மூளைத் திசுவுக்குள் போக முடியாது. அழற்சியோ கட்டியோ உள்ள இடத்தில் இந்தத் தடுப்பு பழுதாகி, மருந்து கசிந்து தேங்குகிறது. 'டி1' எனப்படும் படவகையில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். பாதிப்பின் மையத்தில் சீழோ, இறந்த திசுவோ, நீரோ இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் இல்லை; மருந்து போய்ச்சேர வழியும் இல்லை. உயிருள்ள ஓரம் வெளுக்க, உயிரற்ற நடுப்பகுதி கருமையாகவே நிற்கிறது.

வளையத்தை உறுதி செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த 'டி1' படம். சில நாட்கள் பழைய ரத்தக்கசிவும் கொழுப்பும் மருந்து இல்லாமலே 'டி1' படத்தில் வெள்ளையாகத் தெரியும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, மருந்துக்குப் பிறகு புதிதாக வெளுத்த பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்து, குறுக்காக, முன்பின்னாக, பக்கவாட்டாக என்று மூன்று தளங்களிலும் பார்க்க வேண்டும். உண்மையான பாதிப்பு எந்தத் தளத்தில் வெட்டினாலும் ஓடு சூழ்ந்த உருண்டையாகவே இருக்கும். ஒரு தளத்தில் வளையமாகத் தெரிவது அடுத்த தளத்தில் நீண்ட கோடாக ஓடினால், அது வளைந்து செல்லும் ரத்தக்குழாயாக இருக்கலாம்.

வளையம் உறுதியானதும் அதன் சுவரைப் படிக்க வேண்டும். சீழ்க்கட்டியின் சுவர் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்கும். மூளையின் உள்ளறைகளை நோக்கிய பக்கத்தில் அது இன்னும் மெலிந்திருக்கும். அந்த ஆழப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் உறை அங்கே வலுவாக வளர்வதில்லை. சீழ்க்கட்டி உள்ளறைக்குள் உடையும் ஆபத்தும் இதனால்தான். கிளியோபிளாஸ்டோமா எனும் கொடிய மூளைக் கட்டியின் சுவர் தடித்து, உட்புறம் கரடுமுரடாக இருக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்புறை அழியும் நோய்களில் வளையம் முழுமையாக மூடாமல் ஒரு பக்கம் திறந்திருப்பதுண்டு. அந்தத் திறப்பு பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பான சாம்பல் பகுதியை நோக்கி இருக்கும். பாதிப்பு பெரிதாக இருந்தாலும் சுற்றியுள்ள மூளையை அது அவ்வளவாக அழுத்தாது.

சுவரை அடுத்து உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை 'டிஃபியூஷன்' படம் காட்டும். சீழ் கெட்டியானது; அதில் நீர் நகர முடியாது. அதனால் சீழ்க்கட்டியின் நடுப்பகுதி டிஃபியூஷன் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகவும், அதற்கு இணையான 'ஏ.டி.சி.' படத்தில் கருமையாகவும் இருக்கும். புற்றுநோயில் இறந்த திசு கரைந்த மையம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத் தெரியும். ஆனால் சில பரவிய புற்றுநோய்கள் சீழைப் போலவே வெளுக்கும். மருந்தால் அடங்கிவரும் சீழ்க்கட்டி வெளுக்காமலும் போகலாம். ஆகவே இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

காரணங்களின் பட்டியலை மருத்துவ மாணவர்கள் ஒரு வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள்: வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுநோய், சீழ்க்கட்டி, கிளியோபிளாஸ்டோமா, சில வாரங்கள் பழைய பக்கவாதப் பகுதி, அடிபட்ட காயம், நரம்புறை அழிவு, கரைந்துவரும் ரத்தக்கட்டு, கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் இறந்த திசு. எய்ட்ஸ் நோயாளியானால் டாக்ஸோபிளாஸ்மா கிருமித் தொற்றும் லிம்போமா எனும் புற்றுநோயும் பட்டியலின் தலைக்கு வந்துவிடும். பட்டியலில் உள்ள பெயர்கள் எல்லா நாட்டுக்கும் பொது. எது முதலில் நிற்கும் என்பதை நோயாளியின் வயது, நோய் எதிர்ப்பு நிலை, வாழும் ஊர் ஆகியவையே தீர்மானிக்கின்றன. இந்தியாவில் வலிப்போடு வரும் இளைஞரின் மூளையில் ஒரு சிறு வளையம் இருந்தால், புற்றுநோய்க்கு முன்னால் இரண்டு தொற்றுகளை நினைக்க வேண்டும். ஒன்று நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் எனும் நாடாப்புழு நீர்க்கட்டி. மற்றொன்று டியூபர்குலோமா எனும் காசநோய்க் கட்டி.

இவ்விரண்டையும் பிரிப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அனுபவம் சாட்சி. சி.டி. ஸ்கேன் இந்தியாவில் பரவத் தொடங்கிய காலத்தில், வலிப்பு நோயாளிகளிடம் தென்பட்ட சிறு வளையங்கள் பெரும்பாலும் காசநோய் என்றே கருதப்பட்டன. மாதக்கணக்கில் காசநோய் மருந்து தரப்பட்டது. பல வளையங்கள் மறைந்தன. அது மருந்தின் பலன் என்றே எண்ணப்பட்டது. வேலூரில் நரம்பியல் அறுவை நிபுணர்களான மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அத்தகைய பாதிப்புகளை அகற்றித் திசுப் பரிசோதனை செய்தபோது, பெரும்பாலானவை சிதைந்துகொண்டிருந்த நாடாப்புழுக் குஞ்சுகள் எனத் தெரிந்தது. அவை மருந்து இல்லாமலும் தானே மறையக்கூடியவை. அறுவை சிகிச்சை இல்லாமலே இந்தப் பாதிப்பை அடையாளம் காண அக்குழு சில விதிகளை வகுத்தது. பாதிப்பு ஒன்றே ஒன்றாக, கான்ட்ராஸ்டில் வெளுப்பதாக, 20 மில்லிமீட்டருக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். சுற்றிலும் உள்ள வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளியிருக்கக் கூடாது. நோய் வலிப்பாகவே தொடங்கியிருக்க வேண்டும். தொடர்ந்த தலை அழுத்தமோ, கூடிக்கொண்டே போகும் கை கால் பலவீனமோ, உடலில் வேறு தீவிர நோயோ இருக்கக் கூடாது.

இந்த விதிகள் எப்படிப் பயன்படுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 19 வயதுக் கல்லூரி மாணவிக்கு வலது கை மட்டும் இரண்டு நிமிடம் வெட்டி வெட்டி இழுத்து நின்றுவிடுகிறது. நினைவு தப்பவில்லை. காய்ச்சல், எடைக்குறைவு, இருமல் எதுவும் இல்லை. பரிசோதனையில் கை வலுவாகவே இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் இடது மூளையில் கையை இயக்கும் பகுதிக்கு அருகே 9 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய, வழவழப்பான வளையம். சுற்றிலும் வீக்கம் இருந்தாலும் நடுக்கோடு நகரவில்லை. வளையத்தின் நடுவே, சற்று ஓரமாக ஒரு சிறு புள்ளி தெரிகிறது. அதுதான் புழுக்குஞ்சின் தலை. நீர்க்கட்டி என்பதற்கு ஸ்கேன் தரும் ஆக வலுவான சான்று. இதுவே டியூபர்குலோமாவாக இருந்தால் அளவு பெரும்பாலும் 20 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும்; ஓரம் ஒழுங்கற்று, பல வளையங்கள் ஒட்டிக் கொத்தாக இருக்கக்கூடும். கெட்டிப்பட்ட நடுப்பகுதி 'டி2' படத்தில் கருமையாகத் தெரியும். 'ஸ்பெக்ட்ரோஸ்கோபி' சோதனையில் கொழுப்புப் பொருளின் முகடு உயர்ந்து நிற்கும்.

மாணவியின் குடும்பம் சைவம் என்பதால் புழுவாக இருக்க முடியாது என்ற வாதம் எழலாம். அது தவறு. சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிட்டவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. மூளை நீர்க்கட்டியோ, அப்படிப்பட்டவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள் கைச்சுத்தமின்மையாலோ அசுத்தமான உணவு, நீர் வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போவதால் வருகிறது. சைவ உணவு அதைத் தடுக்காது.

மாணவிக்கு மார்பு எக்ஸ்ரேயும் எச்.ஐ.வி. பரிசோதனையும் எடுக்கப்பட்டு, இரண்டிலும் கோளாறு இல்லை என்று தெரிந்தபின் வலிப்பு மருந்து தொடங்கப்படுகிறது. ஆல்பெண்டசோல் தருவதற்கு முன் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் நீர்க்கட்டி இருந்து மருந்தில் அது செத்தால் எழும் அழற்சி பார்வையைப் பறிக்கக்கூடும். கண்ணில் ஒன்றும் இல்லையெனில் ஸ்டீராய்டு துணையோடு ஆல்பெண்டசோல் தரப்படும். சுமார் ஆறு மாதத்தில் மறு ஸ்கேன். வளையம் சுருங்கினாலோ மறைந்தாலோ, அல்லது ஒரு சிறு சுண்ணாம்புப் புள்ளியாக மாறினாலோ கணிப்பு சரி. வளர்ந்தால் கணிப்பைக் கைவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விவரங்கள் மாறினால் வழியும் மாறும். இதே மாணவிக்குக் காதில் நெடுநாள் சீழ், காய்ச்சல், கூடிவரும் தலைவலி இருந்து, 32 மில்லிமீட்டர் வளையத்தின் நடுப்பகுதி டிஃபியூஷன் படத்தில் வெளுத்திருந்தால், அது சீழ்க்கட்டி; அறுவை நிபுணர் உடனே பார்க்க வேண்டும். 60 வயதைக் கடந்த புகைப்பவருக்கு, சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் எல்லையில் பல வளையங்கள் தென்பட்டால் நுரையீரலைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். எச்.ஐ.வி. நோயாளிக்கு டாக்ஸோபிளாஸ்மா மருந்தைத் தொடங்கி இரண்டு வாரத்தில் மறு ஸ்கேன் எடுப்பது வழக்கம். வளையம் சுருங்காவிட்டால் லிம்போமாவா என்று பார்க்க வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவருக்குப் பழைய கட்டி இருந்த இடத்திலேயே வளையம் வந்தால், கட்டி மீண்டும் வளர்ந்ததா, திசு இறந்ததா என்பதை ரத்த ஓட்டத்தை அளக்கும் 'பெர்ஃபியூஷன்' படம் ஓரளவு சொல்லும். வளரும் கட்டியில் ஓட்டம் கூடுதலாக இருக்கும்.

நோய் இன்னதென்று தெரியாத நிலையில் ஸ்டீராய்டு கொடுப்பதில் ஓர் இடர் உண்டு. அது வீக்கத்தைக் குறைத்து வளையத்தையும் மங்கச் செய்யும். லிம்போமா தற்காலிகமாக மறைந்துகூடப் போகும், அதன்பின் எடுக்கும் திசுவில் விடை கிடைக்காது. உயிருக்கு அவசரம் இல்லாத, லிம்போமா சந்தேகம் உள்ள நோயாளிக்கு அதனால்தான் திசுப் பரிசோதனை முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்கிறார்கள். படமும் ரத்தப் பரிசோதனையும் உடல் முழுவதற்குமான தேடலும் விடை தராதபோது, அல்லது சிகிச்சையிலும் வளையம் வளரும்போது, ஸ்டீரியோடாக்டிக் முறையில் மெல்லிய ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பதே கடைசி வழி. ஊசியை வளையத்தின் ஓரத்துக்கும் செலுத்த வேண்டும். நடுவில் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் இறந்த திசுதான் வரும்.