மண்டியிட்டால் பக்தியா, மரியாதையா?

சீனக் குடும்பங்களில் இறந்தவர் பெயரை ஒரு சிறிய மரப்பலகையில் எழுதி வீட்டில் வைப்பார்கள். குறிப்பிட்ட நாட்களில் அதன் முன் ஊதுபத்தி ஏற்றி, சோறும் இறைச்சியும் மதுவும் படைத்து, நெற்றி தரையில் பட விழுந்து வணங்குவார்கள். பேரரசர் காலத்தில், பெற்றோர் இறந்தால் அரசு அதிகாரி பதவியை விட்டு விலகி, 27 மாதங்கள் துக்கம் காக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்டில் ஒருவன் கிறிஸ்தவனானால், அப்பாவின் பலகைக்கு முன் அவன் மண்டியிடலாமா?

1583இல் சீனத்துக்குள் நுழைந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி, முதலில் பௌத்தத் துறவியைப் போல உடுத்தினார். பிறகு, அங்கே மதிப்பு அறிஞர்களுக்குத்தான் என்று கண்டு, பட்டு அங்கிக்கு மாறினார். அவர் பழகியவர்கள் கன்பூசியரைக் கரைத்துக் குடித்த அதிகாரிகள். இறந்தவர் வந்து சாப்பிடுவார் என்று அவர்கள் நம்பவில்லை. அவரிடம் எதையும் வேண்டவுமில்லை. உயிரோடு இருப்பவர்களுக்குப் பணிவைக் கற்பிக்கவே இந்த வழக்கம் என்றார்கள். ஆகவே இது மதச் சடங்கல்ல, குடும்ப மரியாதை என்று ரிச்சி முடிவு செய்தார்.

1630களில் புஜியான் மாகாணத்துக்கு வந்த தொமினிக் சபையினர் கிராமத்து எளிய மக்களோடு வாழ்ந்தார்கள். அவர்கள் கண்டதோ பலிபீடம் போன்ற மேசை, படையல், நல்ல விளைச்சலும் உடல்நலமும் கேட்டு முன்னோரிடம் வைக்கும் வேண்டுதல். அவர்களில் ஒருவரான மொராலஸ் ரோமுக்குச் சென்று, கண்டதைக் கண்டபடி சொன்னார். 1645இல் ரோம் இந்த வணக்கத்தைத் தடை செய்தது. இயேசு சபையினர் மார்ட்டினி என்பவரை அனுப்பினார்கள். பலிபீடமும் இல்லை, பூசாரியும் இல்லை, வேண்டுதலும் இல்லை என்றார் அவர். 1656இல் ரோம் அனுமதித்தது.

எந்த ஆணை செல்லும்? 1669இல் வந்த பதில்: இரண்டுமே செல்லும். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் ரோம் தீர்ப்புச் சொன்னது சடங்குக்கு அல்ல, தன் முன் வைக்கப்பட்ட வர்ணனைக்கு. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒருவர் அறிஞர் வீட்டைப் பார்த்தார், மற்றவர் உழவர் வீட்டைப் பார்த்தார்.

1692இல் காங்ஷி பேரரசர் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு அனுமதி தந்தார். மறு ஆண்டே புஜியானில் திருச்சபைப் பொறுப்பிலிருந்த மெக்ரோ என்ற பிரெஞ்சுக்காரர் முன்னோர் வணக்கத்தைத் தன் பகுதியில் தடை செய்தார். இயேசு சபையினர் 1700இல் பேரரசரிடமே விளக்கம் கேட்டார்கள். இது நன்றிக்கடன், மதமல்ல என்று அவர் எழுத்தில் உறுதி செய்தார். ரோமுக்கு அது பிடிக்கவில்லை. மதம் எது என்று சொல்ல கிறிஸ்தவரல்லாத அரசர் யார்? 1704இல் போப் பதினோராம் கிளமெந்து தடையை ஏற்றார்.

அவருடைய தூதர் துர்னோன் சீனம் போகும் வழியில் மாதக்கணக்கில் புதுச்சேரியில் தங்கினார். மதுரையில் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய வழியில், இந்து வழக்கங்கள் சிலவற்றுக்கு இயேசு சபையினர் இடம் கொடுத்திருந்தார்கள். துர்னோன் 1704 ஜூனில் அவற்றுள் பலவற்றைத் தடை செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். பெய்ஜிங் போய்ச் சேரும்போதே அவர் மனநிலை என்ன என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

1706 ஆகஸ்டில், கோடைக்கால அரண்மனையான ஜெஹோலில் மெக்ரோ பேரரசர் முன் நிறுத்தப்பட்டார். சீன மரபின் நிபுணர் என்று துர்னோன் அனுப்பிய ஆள் அவர். பேச்சுக்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. அரியணைக்குப் பின்னால் இருந்த நான்கு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார் பேரரசர். மெக்ரோவுக்கு ஒன்றுதான் தெரிந்தது. எழுத்தே தெரியாதவர் சீன அறத்துக்குத் தீர்ப்புச் சொல்வதா என்று காங்ஷி கொதித்துப்போனார். மெக்ரோ நாடு கடத்தப்பட்டார்.

அத்துடன் புதிய விதி ஒன்றும் வந்தது: ரிச்சியின் வழியில் நடப்பேன், ஐரோப்பாவுக்குத் திரும்ப மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் பாதிரியாருக்கு மட்டுமே தங்கும் உரிமைச் சீட்டு. துர்னோனோ, 1707இல் நான்ஜிங்கிலிருந்து நேர்மாறாக ஆணையிட்டார்: ரிச்சி வழியை ஏற்பவர் திருச்சபைக்கு வெளியே. அரசருக்குக் கீழ்ப்படிந்தால் போப்பின் தண்டனை, போப்புக்குக் கீழ்ப்படிந்தால் அரசரின் தண்டனை. துர்னோன் மக்காவில் காவலில் வைக்கப்பட்டு, 1710இல் அங்கேயே இறந்தார்.

இந்தச் சண்டையில் அதிகம் இழந்தவர்கள் சீனக் கிறிஸ்தவர்கள். தங்கள் வழக்கத்துக்குச் சான்று சொல்லி நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்ட கடிதங்கள் ரோமுக்குப் போயின; பயனில்லை. 1715இல் தடை மீண்டும் உறுதியானது. 1724இல் யோங்செங் பேரரசர் கிறிஸ்தவத்தையே தடை செய்தார். அவருக்கு அரசியல் சந்தேகங்களும் இருந்தன, சடங்குச் சண்டை மட்டுமே காரணமல்ல. 1742க்குப் பிறகும் சீனம் செல்லும் ஒவ்வொரு பாதிரியாரும் தடைக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

1939 டிசம்பரில் ரோம் அந்தச் சத்தியத்தை நீக்கி, முன்னோர் படத்துக்கும் பலகைக்கும் முன் தலைவணங்குவது குடிமரியாதையே என்று ஏற்றது. சீனத்தின் கடைசிப் பேரரசர் முடி துறந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.