வரிசையில் கடைசி ஆள்

1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவை மூடியது. மயிலாப்பூர்க்காரரான திவான் சி.பி. ராமசாமி ஐயர் அரசியல் பகையால் பீதியைக் கிளப்பிக் கவிழ்த்தார் என்பது குற்றச்சாட்டு. வங்கியே ஓட்டைதான் என்பது எதிர்வாதம். இந்த வழக்கு லேசில் தீராது. ஏனென்றால் பீதி, நல்ல வங்கியையும் ஓட்டையாக்கிவிடும்.

நூறு ரூபாய் டெபாசிட்டில் பத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை வங்கி கடனாகக் கொடுத்திருக்கிறது. வாங்கியவர்கள் நாணயஸ்தர்கள், ஆனால் தவணை மூன்று வருஷம். ஒரே வாரத்தில் முப்பது ரூபாய் கேட்டால் கடன் பத்திரங்களை வந்த விலைக்குத் தள்ள வேண்டும். அந்த நஷ்டத்தில் வங்கி நிஜமாகவே திவாலாகிறது. வதந்தி தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்கிறது. அதை நம்பாதவனும் ஓடித்தான் ஆக வேண்டும்: முதலில் நிற்பவனுக்கு முழுசாகக் கிடைக்கும், கடைசி ஆளுக்கு மிச்சம்தான். இதைக் கும்பலின் முட்டாள்தனம் என்பது சரியல்ல. தனித்தனியாக எல்லோரும் சரியாகவே கணக்குப் போடுகிறார்கள்.

இந்தக் கணக்கை மாற்றுவதுதான் டெபாசிட் காப்பீடு. 1960இல் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகு, 1962இல் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை என்று வந்தது. 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம். கடைசி ஆளுக்கும் கிடைக்கும் என்று தெரிந்தால் வரிசையே உருவாகாது.

ஆனால் நிதி நிறுவனங்களுக்கு இது கிடையாது. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனண்ட் ஃபண்ட் 2024இல் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் முடங்கியபோது, வாசலில் நின்ற பென்ஷன்காரர்களுக்குப் பின்னால் எந்தக் காப்பீடும் இல்லை.