'மலையாளம் பேசத் தெரியும்' என்று டிக் போடலாமா? உங்களை நீங்களே நேர்மையாக மதிப்பிடுவது எப்படி?

வேலைக்கான விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். எதிரே மூன்று பெட்டிகள்: வாசிக்க, எழுத, பேச. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் யோசிக்காமல் டிக் போட்டுவிடுவோம். மலையாளம் என்று வரும்போதுதான் கை கொஞ்சம் தயங்கும். 'படம் பார்த்தா புரியுது, கடையில சமாளிக்கிறேன், அப்போ தெரியும்தானே?'

இந்த டிக் சில இடங்களில் வேலையையே தீர்மானிக்கும். எஸ்பிஐ கிளார்க் பணிக்கு, நீங்கள் விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழியை வாசிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் அந்த மொழியைப் படித்த சான்று இல்லாதவர்களுக்குத் தனியாக மொழித் தேர்வு உண்டு. அதில் தவறினால், எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் வேலை கிடைக்காது.

'தெரியுமா?' என்று கேட்டால் உண்மையான பதில் வராது

'தெரியும்' என்பதற்கு ஆளுக்கொரு அளவுகோல். கூச்சப்படுபவர் நன்றாகப் பேசினாலும் 'கொஞ்சம்தான்' என்பார். தைரியசாலி பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு 'சரளமாக' என்பார்.

இதற்கு மாற்றாக வந்தவைதான் 'என்னால் முடியும்' வாக்கியங்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் என்ற மொழித்திறன் அளவுகோல் இவற்றைப் பரவலாக்கியது. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் அந்த மொழியில் என்ன வேலையைச் செய்ய முடியும் என்று சொல்லும் வாக்கியங்கள் இருக்கும். கேட்டல், வாசித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் என ஐந்தையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும்.

வித்துராவில் ஒரு தமிழர்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் வழியில் இருக்கிறது வித்துரா. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இங்கேதான். வளாகத்துக்குள் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளலாம். கேட்டைத் தாண்டினால் மலையாளம். கோவையிலிருந்து இங்கே வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆன ஒரு இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் 'பேச' பெட்டியில் டிக் போட்டிருக்கிறார். அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உரையாடல். வாக்கியம்: 'கடையில் எனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்க என்னால் முடியும்.' உடனே 'முடியும்' என்கிறார். அடுத்த கேள்வி: கடைசியாக எப்போது செய்தீர்கள், என்ன நடந்தது? யோசித்துப் பார்த்தால், இவர் இரண்டு வார்த்தை பேசியதுமே கடைக்காரர் தமிழுக்கு மாறிவிட்டார். வேலை நடந்தது உண்மைதான், ஆனால் மொழிச்சுமையைத் தூக்கியவர் கடைக்காரர்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறோம். சிஇஎஃப்ஆரின் ஏ1 வாக்கியத்திலேயே, எதிரில் இருப்பவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லி உதவினால் எளிமையாக உரையாட முடியும் என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டுப் படித்தால் எல்லோருக்கும் ஒரு நிலை கூடிவிடும். எனவே வாக்கியத்தை இப்படி மாற்றுவோம்: 'வீட்டு உரிமையாளருக்கு போன் செய்து, மோட்டார் ஓடவில்லை என்று சொல்லி, எப்போது ஆள் வருவார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அவர் தமிழுக்கு மாறாமல்.' போனில் சைகை கிடையாது. ஒருமுறை முயன்றார். பாதியில் நின்றார். சின்னச் சின்ன அன்றாட விஷயங்கள் மட்டும் ஓடுகின்றன. ஏ2 என்று குறித்துக்கொண்டார்.

அடுத்து, தொடர்ந்து பேசுதல். நேற்று என்ன செய்தேன் என்று ஒரு நிமிடம் தனியாகப் பேசி, போனில் பதிவு செய்தார். மலையாளத்தில் 'ஞான் போயி', 'அவன் போயி' இரண்டுக்கும் வினை ஒன்றுதான், தமிழில் போல விகுதி மாறாது. இவர் பேச்சில் தமிழ் விகுதிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது பெரிய குறை இல்லை, கேட்பவருக்குப் புரிந்தால் போதும். ஆனால் மூன்றாவது வாக்கியத்திலிருந்து முழுக்கத் தமிழாகிவிட்டது. ஏ1.

கேட்டல் இவருடைய பலம். அலுவலக நண்பர்கள் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. ஆனால் 'புரிந்தது' என்ற உணர்வை நம்ப முடியாது. மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு, 'வெள்ளம்' என்றால் தண்ணீர். ஒரே மாதிரி ஒலிப்பதால், தவறாகப் புரிந்துகொண்டதே நமக்குத் தெரியாது. அதனால், கேட்டதைத் தன் வார்த்தையில் ஒரு நண்பரிடம் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டார். நான்கில் மூன்று சரி. பழக்கமான விஷயங்களுக்கு பி1 என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசிப்பு? பஸ்ஸின் பெயர்ப்பலகையில் 'நெடுமங்காடு' என்பதை அடையாளம் கண்டுகொள்கிறார். ஆனால் தினமும் பார்த்து வடிவம் மனதில் பதிந்ததுதான் காரணம். வேறு ஊர்ப் பெயரை எழுதிக் காட்டினால் தெரியவில்லை. ஏ1-க்கும் கீழே. எழுத்து, பூஜ்யம்.

ஒரே ஆள், பூஜ்யத்திலிருந்து பி1 வரை. தமிழர்கள் மலையாளத்தை மதிப்பிடும்போது இந்த மேடுபள்ளம் இயல்பு. காது முன்னே ஓடுகிறது, கண்ணும் கையும் தொடங்கவே இல்லை. மொத்தமாக ஒரே நிலை கொடுத்தால் அது நிச்சயம் பொய்யாகத்தான் இருக்கும்.

நீங்களே செய்ய

ஒவ்வொரு திறனுக்கும் ஏழெட்டு வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வேலை என்ன, யாரோடு, என்ன உதவியோடு என்பது இருக்கட்டும். 'எளிய', 'பழக்கமான' என்ற பொதுவான சொற்களுக்குப் பதில் உங்கள் ஊர் பஸ் பலகை, உங்கள் வீட்டு மோட்டார் என்று எழுதுங்கள். உண்மையில் செய்து பழகிய வேலைகளைப் பற்றிக் கேட்கும்போதுதான் சுயமதிப்பீடு துல்லியமாக வருகிறது என்பது மொழித்தேர்வு ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் கடந்த ஒரு மாதத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். சம்பவம் நினைவுக்கு வரவில்லையா? டிக் வேண்டாம், முதலில் செய்து பாருங்கள். ஒரு நிலையின் வாக்கியங்களில் சுமார் 80 சதவீதம் தேறினால் அந்த நிலையை எட்டிவிட்டதாகக் கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் மொழிப் பதிவேட்டில் இருக்கும் கணக்கு இதுதான்.

ஒரு எல்லையும் உண்டு. இது சான்றிதழ் ஆகாது. எந்த வேலையைச் செய்கிறோம் என்பதைக் காட்டுமே தவிர, எவ்வளவு பிழையில்லாமல் என்பதைக் காட்டாது. வங்கித் தேர்வுக்கு முன்னால் ஒரு மலையாளியிடம் எழுதிக் காட்டித் திருத்திக்கொள்வதை இது ஈடு செய்யாது.

நம் வித்துரா இளைஞர் இனி படிவத்தில் என்ன எழுதலாம்? 'பேச' பெட்டியில் வெறும் டிக்குக்குப் பதில், இடம் இருந்தால் ஒரு வரி: 'அலுவலகப் பேச்சு புரியும், அன்றாடத் தேவைக்குப் பேசுவேன், வாசிக்க, எழுதத் தெரியாது.' நேர்காணலில் யாராவது மலையாளத்தில் கேள்வி கேட்டாலும், இந்த வரியை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்காது.